நண்டுக் கொடுக்கில் சிக்கும் இரும்பு

மருந்துக்கடை மேசையில் அந்த அம்மா துணிப்பையைக் கவிழ்த்தார். டாக்சிசைக்ளின் அட்டை ஒன்று, பாராசிட்டமால் அட்டை ஒன்று, சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை அட்டை ஒன்று, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து ஒரு பாட்டில். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியிருந்த நேரம். எங்கள் பக்கத்தில் உண்ணிக்காய்ச்சல் கூடும் மாதங்கள் அவை. மருமகளின் அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்ததுமே டாக்டர் நோயைக் கண்டுபிடித்துவிட்டாராம். மாத்திரை தொடங்கி மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் 102க்குக் கீழே இறங்கவில்லை. வேறு நல்ல மாத்திரை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வந்திருந்தார்.

"காலையில எப்படிம்மா குடுக்குறீங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் தம்பி. தனித்தனியா குடுத்தா மறந்துபோகுது. காபியோட முழுங்கிடுவா. நெஞ்சு எரியுதுன்னா அந்த வெள்ள மருந்து ரெண்டு மூடி."

மருந்து சரியானதுதான். உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளுக்குள் காய்ச்சல் தணியத் தொடங்கிவிடும். தணியாவிட்டால் நோயைத் தவறாகக் கணித்துவிட்டோமோ, கிருமிக்கு மருந்து பிடிக்கவில்லையோ என்று யோசிப்பார்கள். அதற்கெல்லாம் முன்னால், மாத்திரையோடு வேறு என்ன வயிற்றுக்குள் போனது என்று கேட்டுவிடுவது நல்லது. ரத்தத்தில் டாக்சிசைக்ளின் எவ்வளவு இருக்கிறது என்று சாதாரண ஆஸ்பத்திரிகளில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. விசாரித்தால்தான் தெரியும்.

டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், பழைய டெட்ராசைக்ளின் எல்லாம் ஒரே குடும்பம். நான்கு வளையங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்ட தட்டையான மூலக்கூறு. அதன் ஓர் ஓரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நண்டு தன் கொடுக்கின் இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு பொருளைக் கவ்வுவதுபோல, அந்த ஆக்சிஜன்கள் ஓர் உலோக அணுவைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேதியியலில் இந்தப் பிடிப்புக்கு வைத்திருக்கும் பெயரே கிரேக்க மொழியில் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு என்று எது கிடைத்தாலும் பிடிக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பலத்தோடு பிடிப்பதில்லை. கால்சியத்தின் மேல் பிடி தளர்வானது. இரும்பு, அலுமினியத்தின் மேல் பிடி மிக இறுக்கமானது.

உலோகத்தைப் பிடித்துக்கொண்ட மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக முடியாது. ஒன்றோடொன்று சேர்ந்து கரையாமல் தங்கிவிடும். கரைந்தாலும் சுவரின் கொழுப்புப் படலம் அதை உள்ளே விடாது. கடைசியில் மலத்தோடு வெளியேறிவிடும். இத்தனையும் நடப்பது இரைப்பையைத் தாண்டிய பிறகுதான். இரைப்பையின் கடும் அமிலத்தில் கொடுக்கின் விரல்களில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருப்பதால் உலோகத்துக்கு இடமில்லை. சிறுகுடலின் தொடக்கத்தில் அமிலம் தணிந்ததும் கொடுக்கு விடுபடுகிறது. டாக்சிசைக்ளின் பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடமும் அதுவே. கரைந்த இரும்பும் அங்கேதான் காத்திருக்கிறது.

அப்படியானால் கொடுக்கே இல்லாத மருந்தாகச் செய்துவிடலாமே என்று தோன்றலாம். முடியாது. இந்த மருந்து கிருமிக்குள் புகுந்து, கிருமி புரதம் தயாரிக்கும் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்துகிறது. அந்த ஒட்டுதலே ஒரு மக்னீசியம் அணுவை நடுவில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. குடலில் நமக்குத் தொல்லை கொடுக்கும் அதே கொடுக்குதான் கிருமியைப் பெருகவிடாமல் அடக்கும் ஆயுதம்.

அந்த அம்மாவின் பையில் இருந்ததைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம். அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம். பார்ப்பதற்கு மருந்துதான் அதிகம். ஆனால் ஒரு டாக்சிசைக்ளின் மூலக்கூறு ஓர் இரும்பு அணுவைப் போல 8 மடங்கு எடையுள்ளது. எடையை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தால், ஒவ்வொரு மருந்து மூலக்கூறுக்கும் கிட்டத்தட்ட 5 இரும்பு அணுக்கள் இருக்கின்றன. காபியில் ஊற்றிய 50 மில்லி பாலில் கால்சியம் ஏறத்தாழ 60 மில்லிகிராம் இருக்கும். கால்சியம் அணு இரும்பைவிட லேசானது என்பதால், ஒரு மருந்து மூலக்கூறுக்கு 6, 7 கால்சியம் அணுக்கள் என்று வரும்.

எண்ணிக்கையில் கால்சியம் முந்தினாலும் சேதம் செய்வதில் இரும்பே முந்துகிறது. பாலோடு சாப்பிட்டால் டாக்சிசைக்ளினில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வீணாகும். அதனால்தான் வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடோ பாலோடோ எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. பழைய டெட்ராசைக்ளினுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாலோடு சேர்ந்தால் பாதிக்கும் மேல் போய்விடும். 1997இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் காபியில் கலக்கும் கொஞ்சம் பாலே டெட்ராசைக்ளின் உறிஞ்சப்படுவதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடுவதைக் கண்டார்கள். ஒரு தம்ளர் பால் வேண்டியதில்லை, டிகாக்ஷன் நிறம் மாறும் அளவு பாலே போதும்.

இரும்பைப் பற்றிய தெளிவு 1970இல் ஃபின்லாந்திலிருந்து வந்தது. பெர்ட்டி நெவோனனும் அவருடைய சகாக்களும் 40 மில்லிகிராம் இரும்பை இந்தக் குடும்பத்து மருந்துகளோடு ஒரே நேரத்தில் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். டெட்ராசைக்ளின் அளவு 40 முதல் 50 சதவீதம் குறைந்தது. டாக்சிசைக்ளினோ 80 முதல் 90 சதவீதம் குறைந்தது. பாலைத் தாங்கிக்கொள்ளும் மருந்து இரும்பிடம் இப்படி விழுகிறது. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடு எடுக்கலாம் என்று படித்தவர், சத்து மாத்திரையோடும் எடுக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்.

மருந்து செய்கிறவர்களே ஒருகாலத்தில் இதில் தவறியிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் லெடர்லி நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அப்போது அங்கே ஆராய்ச்சித் தலைவர். அந்த மருந்து வயிற்றைப் புரட்டியதால், நோயாளிகளுக்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த வெள்ளைக் குழம்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். வயிறு அமைதியானது, ரத்தத்தில் மருந்தும் குறைந்தது. 1950இல் அது ஆய்வில் வெளிப்பட்டது. இன்னொன்று அதைவிட வியப்பானது. டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலை நிரப்பச் சேர்த்த வெள்ளைத் தூள் கால்சியம் பாஸ்பேட். மருந்தும் அதைப் பிடித்துக்கொள்ளும் உலோகமும் ஒரே உறைக்குள் இருந்திருக்கின்றன. அந்தத் தூளை மாற்றியதும் ரத்தத்தில் மருந்தளவு கூடியது. அந்த அம்மாவின் பையிலிருந்த பாட்டிலும் அலுமினியமும் மக்னீசியமும் கலந்ததுதான்.

நான் இதைச் சுருக்கமாகச் சொன்னதும் அவர் ஒரு கேள்வி கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ராத்திரி மாத்திரைய தனியாத்தானே தம்பி குடுத்தேன்? சத்து மாத்திரை காலையில மட்டுந்தான. அப்ப ராத்திரி குடுத்தது வேலை செஞ்சிருக்கணும்ல?"

நியாயமான கேள்வி. டெட்ராசைக்ளினுக்கு இந்த இடைவெளி பெரும்பாலும் போதும். இரும்பு மாத்திரையை அதற்கு மூன்று மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுத்தால் பாதகமில்லை. டாக்சிசைக்ளினின் போக்கு வேறு. ரத்தத்துக்குள் போன பிறகும் அது அங்கேயே இருந்துவிடுவதில்லை. ஒரு பங்கு பித்தத்தோடும் குடல் சுவர் வழியாகவும் திரும்பக் குடலுக்கே வருகிறது. அங்கிருந்து மறுபடி உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. உடம்பில் அது நீண்ட நேரம் தங்குவதற்கு இந்தச் சுற்றும் ஒரு காரணம். ராத்திரி எடுத்த மருந்து காலையிலும் இந்தச் சுற்றில்தான் இருக்கும். அப்போது சிவப்பு மாத்திரை உள்ளே போனால், திரும்பி வந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

இதையும் ஃபின்லாந்துக்காரர்களே காட்டினார்கள். டாக்சிசைக்ளினைக் குடல் பக்கமே கொண்டுபோகாமல் நரம்பில் ஊசியாகப் போட்டார்கள். இரும்பை வாய்வழியாகக் கொடுத்தார்கள். இரண்டும் சந்திக்க வழியே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகவேண்டியது 11 மணி நேரத்திலேயே நடந்தது. ஆகவே டாக்சிசைக்ளினோடு இரும்பை எடுக்கும்போது நேரம் தள்ளி வைப்பது சேதத்தைக் குறைக்கும், ஆனால் முழுதாகத் தடுக்காது. சில நாள் மட்டும் கொடுக்கும் மருந்தென்றால், டாக்டரிடம் கேட்டு அந்த நாள்களில் இரும்பை நிறுத்திவைப்பதே மேல். ரத்தசோகை பல மாதச் சிகிச்சை. நடுவில் ஒரு வாரம் விட்டால் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. உண்ணிக்காய்ச்சல் ஒரு வாரம் காத்திருக்காது. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும்.

இரும்பு மாத்திரை சிவப்பாக மட்டும்தான் வரும் என்றில்லை. பலசத்து மாத்திரைகளில் இரும்பும் துத்தநாகமும் இருக்கும். எலும்புக்கென்று வாங்கும் மாத்திரையில் கால்சியம் இருக்கும். வீட்டில் யாரும் இவற்றை மருந்தென்று நினைப்பதில்லை. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் நான் இப்போதெல்லாம், "சத்துக்குன்னு எதாவது சாப்பிடுறீங்களா?" என்றே கேட்கிறேன்.

அந்த அம்மா கேட்ட வேறு மாத்திரையை நான் கொடுக்கவில்லை. அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அன்று மாலையே மருமகளை நேரில் கூட்டிவரச் சொன்னார். மூச்சு, சிறுநீர், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு இரும்பையும் வெள்ளை மருந்தையும் நிறுத்தினார். டாக்சிசைக்ளினை அதே அளவில், ஒரு தம்ளர் தண்ணீரோடு, சாப்பிட்டபின் உட்கார்ந்தபடியே விழுங்கச் சொன்னார். நெஞ்சு எரிந்ததற்குக்கூட, படுத்துக்கொண்டே ஒரு மடக்குக் காபியில் இந்த மாத்திரையை விழுங்கியது காரணமாக இருக்கலாம். உணவுக்குழாயில் தங்கினால் இது புண்ணாக்கிவிடும்.

மறுநாள் ராத்திரி காய்ச்சல் விட்டது. இரும்பு மாத்திரையால்தான் மூன்று நாள் தள்ளிப்போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மாற்றியது கூடச் சாப்பிட்டவற்றையும் விழுங்கும் விதத்தையும் மட்டும்தான், மருந்தை மாற்றவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். சிவப்பு அட்டையை ஒரு காகிதத்தில் சுற்றி, மேலே பேனாவால் ஒரு தேதி எழுதி வைத்திருந்தார். டாக்சிசைக்ளின் முடிந்து இரண்டு நாள் கழிந்த தேதி. "இன்னைக்கு ஆரம்பிச்சிடட்டுமா தம்பி?" என்று கேட்டார்.