அந்த "நாங்க"வில் நீங்க இருக்கீங்களா?

ஹாஸ்டல் வராண்டாவில் ரெண்டு பேர் உங்களைத் தாண்டிப் போறாங்க. ஒருத்தன் "நாங்க டீ குடிக்கப் போறோம்டா"ன்னு சொன்னா நீங்க தலையாட்டிட்டு ரூமுக்குள்ள போயிடுவீங்க. அதே ஆள் "நாம டீ குடிக்கப் போறோம்டா"ன்னு சொன்னா செருப்பைத் தேடுவீங்க. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனா முதல் வாக்கியம் உங்களை வெளியே நிறுத்துது, ரெண்டாவது உள்ளே இழுக்குது.

ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே 'வீ'தான். ஹிந்தியில் ஒரே 'ஹம்'. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவங்களுக்குத் தமிழ் வீட்டிலிருந்து தானா வந்துடுது. அதனால் இப்படி ஒரு கருவி நம்ம கையில் இருக்குன்னே யோசிச்சிருக்க மாட்டோம். கவிதையோ நாவலோ படிக்கும்போது, அதில் வரும் கூட்டுக் குரலைப் பிரிச்சுப் பார்க்க இது நல்லாவே உதவும். செய்ய வேண்டியது சின்ன வேலை. 'வீ' வரும் இடத்தில் 'நாம்' போட்டுப் பாருங்க, அப்புறம் 'நாங்கள்' போட்டுப் பாருங்க. எது பொருந்துது, எது இடிக்குதுன்னு கவனிங்க.

இது புதுசா வந்த வித்தியாசமும் இல்லை. பழந்தமிழில் 'யாம்' என்றால் பொதுவாகக் கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்லும் கூட்டம்; 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு பாரி மகளிருடையது. அப்பாவும் மலையும் தங்களுக்கு இருந்த ஒரு நிலா நாளையும், ரெண்டும் போன பிறகு வந்த நிலா நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறாங்க. அங்கே வரும் சொல் 'யாம்'. அவங்க துக்கத்துக்குள்ள நாம வர முடியாது, பக்கத்தில் நின்னு கேட்கத்தான் முடியும். சரி, பறம்பு மலையில் வாழ்ந்த மத்த ஜனங்க அந்த 'யாம்'ல இருக்காங்களா? பாட்டு சொல்லலை. குன்று பறிபோனது அவங்களுக்கும்தான், ஆனா பேசுறது தலைவனுடைய பெண்கள். இந்தக் கேள்வி எழுந்த பிறகும் பாட்டோட அழகு குறையறதில்லை. எனக்கு அது இன்னும் கொஞ்சம் கனமாத்தான் ஆச்சு.

இந்தச் சோதனையை ஒரு முழு நாவலில் ஓட்டிப் பார்க்கணும்னா ஜூலி ஒட்சுகா எழுதிய 'தி புத்தா இன் தி அட்டிக்' சரியான புத்தகம். 2011-ல் வந்தது, சின்னதுதான், ஒரு வார இறுதியில் முடிச்சிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டோவை மட்டும் பார்த்துக் கல்யாணத்துக்குச் சம்மதிச்சு ஜப்பானிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பல் ஏறிய பெண்களின் கதை. இறங்கிப் பார்த்தா, போட்டோ இருபது வருஷம் பழசு. அழகான கடிதங்களை எழுதினது வேற யாரோ.

இதில் கதாநாயகின்னு தனியா யாரும் இல்லை. கிட்டத்தட்ட முழு நாவலும் அந்தப் பெண்களின் 'வீ'யில் ஓடுது. 'நாம்' போட்டுப் பாருங்க, உடனே இடிக்கும். கப்பலில் நீங்க இல்லை. முதல் இரவில் அவங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கலை. அது 'நாங்கள்'. இதுவரை சுலபம்.

அடுத்த கேள்வி, அந்த 'நாங்கள்'க்குள்ள யார் யார்? கூட்டுக் குரலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லாரையும் மிக்ஸியில் போட்டு ஒரே ஆளா ஆக்கிடும். ஒட்சுகா இதைத் தடுக்க 'எங்களில் சிலர்' என்பதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர்றார். கப்பலில் 12 வயசுப் பொண்ணும் இருக்கு, 37 வயசுக்காரியும் இருக்காங்க. ஒருத்தி நகரத்துக்காரி, இன்னொருத்தி மலைக் கிராமத்துக்காரி. ஒரு வாக்கியம் சொன்னதை அடுத்த வாக்கியம் மறுக்கும். ஒரு பன்மைக் குரலை நம்பலாமான்னு பார்க்க இது நல்ல அடையாளம்: உள்ளே இருக்கிறவங்க ஒருத்தரோடு ஒருத்தர் ஒத்துப்போகாம இருக்க இடம் விட்டிருக்கா?

வெளியே யார்? கணவன்மார் எப்பவும் 'அவர்கள்'. அது புரியுது. குழந்தைகள் பற்றிய அத்தியாயம்தான் உறுத்தும். அந்தப் பெண்களே பெத்து வளர்த்த பிள்ளைகள் ஜப்பானிய மொழியை மறக்கிறாங்க, புதுப் பெயர் வெச்சுக்கிறாங்க, அம்மாவைப் பார்த்துக் கூச்சப்படுறாங்க. அவங்களும் 'அவர்கள்' ஆகிடுறாங்க. யாரும் துரத்தலை. பிரதிப்பெயர் மட்டும் மாறியிருக்கு.

பிறகு போர் வருது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட உத்தரவுக்குப் பின், அமெரிக்க மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டாங்க. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். நாவலில் அந்தக் கடைசி நாள் அத்தியாயத்தில் ஒரு விஷயம் நடக்குது. அதுவரை கூட்டமா பேசின பெண்கள் தனித்தனிப் பெயரோட வரிசையா வர ஆரம்பிக்கிறாங்க. ஹருகோ என்பவள் சிரிக்கும் சின்னப் பித்தளை புத்தரைப் பரணில் ஒரு மூலையில் விட்டுட்டுப் போறாள், தலைப்பு அங்கிருந்துதான். கூட்டம் கலையும்போதுதான் நமக்குப் பெயர்கள் கிடைக்குது.

அடுத்ததுதான் கடைசி அத்தியாயம். 'வீ' அப்படியே இருக்கு. ஆனா பேசுறது ஊரில் மிச்சமிருக்கும் வெள்ளைக்கார அண்டை வீட்டார். ஜப்பானியர்களைக் காணோம்னு அவங்க பேசிக்கிறாங்க. இத்தனை பக்கம் 'நாங்கள்'ஆக இருந்த பெண்கள் ஒரே வாக்கியத்தில் 'அவர்கள்' ஆகிடுறாங்க. அவங்க குரல் திரும்ப வரவே இல்லை. ஊர்க்காரங்க முதலில் வருத்தப்படுறாங்க, கொஞ்சம் குற்ற உணர்வு, நிறைய வதந்தி. காலி வீடுகளுக்குப் புது ஆட்கள் வர்றாங்க. மெல்ல மெல்ல மறக்கிறாங்க.

இப்போ நம்ம சோதனையை இங்கே ஓட்டுங்க. இந்த 'வீ' நாங்களா, நாமா?

இங்கே ரெண்டுமே பொருந்துது. 'நாங்கள்'னு போட்டா, ஒரு ஊர்க்காரங்க வாக்குமூலம் கொடுக்கிறாங்க, நீங்க நீதிபதி மாதிரி கேட்டுக்கிட்டிருக்கீங்க. 'நாம்'னு போட்டா நீங்களும் அந்தத் தெருவில் வீடு வெச்சிருந்தவர், பார்த்தும் பேசாம இருந்தவர். அமெரிக்க வாசகருக்கு ஆங்கிலம் இந்தக் கேள்வியை மூடி வெச்சிருக்கு. அவர் எந்தப் பக்கமும் நழுவிக்கலாம். தமிழில் மொழிபெயர்க்கிறவர் முடிவெடுத்தே ஆகணும்.

ஒரு தப்பிக்கும் வழி இருக்கு. இன்றைய தமிழில் நாம், நாங்கள் ரெண்டுக்கும் வினைமுற்று ஒண்ணுதான்: மறந்துட்டோம், பார்த்தோம், பேசலை. எழுவாயை விட்டுட்டா யாரைச் சொல்றோம்னு தெரியாது. (மேடைப் பேச்சில் 'மறந்துவிட்டோம்'னு கேட்டா, யாருன்னு கேளுங்க.) இன்னொரு சிக்கல், நாம எப்பவும் நேர்மையா 'நாம்' சொல்றதில்லை. "நாம ரெக்கார்டை ஒழுங்கா எழுதணும் இல்லையா"ன்னு லேப் சார் சொன்னா அந்த 'நாம'வில் சார் கிடையாது. கதைக்குள்ளும் இந்த மாதிரி 'நாம்' வரும், அதைச் சோதனை பிடிக்காது. சொல்றவர் யார், யாருகிட்ட சொல்றார், எந்த வேலையை யார் செய்யப்போறாங்கன்னு பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்.

ஆனா அந்தக் கடைசி அத்தியாயத்தில் எழுவாயை விட்டும் தப்பிக்க முடியாது. முதல் வாக்கியத்திலேயே ஊர் வருது, யாருடைய ஊர்னு சொல்லியாகணும். 'எங்கள் ஊர்'னு எழுதினா வாசகர் வேலிக்கு வெளியே. 'நம் ஊர்'னு எழுதினா உள்ளே. நான் மொழிபெயர்த்தா 'நம் ஊர்'தான் போடுவேன். என் ரூம்மேட், "நீ எப்படா கலிஃபோர்னியாவில் இருந்த, 'எங்கள்'தான் சரி"ன்னு சண்டை போடுறான். நீங்க படிச்சுட்டு எந்தப் பக்கம்னு சொல்லுங்க.