பகல் ஷிப்ட் கேட்டு ஒரு கடிதம்

நூற்பாலையில் ஷிப்ட் மூன்று. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் பகல், நள்ளிரவு தாண்டி முடியும் அரை நைட், அங்கிருந்து விடியும்வரை முழு நைட். பல மில்களில் வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும். ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டும் ஒரு சைடரை எடுத்துக்கொள்வோம். ஐம்பதை நெருங்குகிறவர். சர்க்கரைக்கு மாத்திரை போதாமல், காலை உணவுக்கு முன்னும் இரவு உணவுக்கு முன்னும் கலவை இன்சுலின் போடச் சொல்லிவிட்டார் மருத்துவர்.

பகல் ஷிப்டில் இதனால் சிக்கல் இல்லை. முழு நைட்டில்தான் தொல்லை. இரவு எட்டு மணிக்கு ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போகிறார். கலவை இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி நள்ளிரவுக்குப் பின்னும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் இவர் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் மெஷினுக்கு மெஷின் நடக்கிறார். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். ஸ்பின்னிங் ஹாலில் வெக்கையும் ஈரமும் எப்போதும் இருக்கும், எல்லாருக்கும் வியர்க்கும். அதனால் முதல் எச்சரிக்கையையே யாரும் கவனிப்பதில்லை. புத்தி தடுமாறியவர் கை வைப்பது ஓடுகிற மெஷினில். இதற்குப் பயந்து ஊசியை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அப்போது சர்க்கரை தாறுமாறாக ஏறும்.

மருத்துவர் "நைட் வேண்டாம்" என்கிறார். இவர் கடிதம் எழுத உட்காருகிறார். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மேலாளர் இரக்கப்படட்டும் என்று நோயைப் பெரிதாக எழுதுகிறார்கள்: "உடல்நிலை மிகவும் மோசமாக உள்ளது, என்னால் முடியவில்லை." சான்றிதழிலும் "ஓய்வு தேவை" என்று மட்டும் இருக்கும். நிர்வாகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, குணமாகி வா என்று சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. தொடர்ந்த உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கவும் நிர்வாகம் முயலலாம். தன் கையாலேயே எழுதிக் கொடுத்த கடிதம் அப்போது தனக்கு எதிராக நிற்கும்.

ஆகவே கடிதம் சொல்ல வேண்டியது நோயை அல்ல, வேலை செய்யும் தகுதியை. இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் ஸ்பின்னிங் பிரிவில் சைடராக வேலை செய்கிறேன். சர்க்கரை நோய்க்கு இரண்டு வேளை இன்சுலின் போட்டுவருகிறேன். முழு நைட் வாரங்களில் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்குவதால், மூன்று மாதங்களுக்கு இரவு வேலையைத் தவிர்க்கும்படி மருத்துவர் எழுதியுள்ளார். பகலில் இதே வேலையை முழுமையாகச் செய்ய நான் தகுதியுடன் இருப்பதாகவும் சான்றளித்துள்ளார். அடுத்த ஷிப்ட் மாற்றம் முதல் எனக்குப் பகல் ஷிப்ட் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். மூன்று மாத முடிவில் மறுபரிசோதனைச் சான்று தருகிறேன்."

பெயர், டோக்கன் எண், தேதி சேர்த்தால் போதும். எத்தனை நாள் என்று சொல்லிவிட்டால், நிரந்தரச் சலுகை கேட்கிறார் என்ற தயக்கம் மேலாளருக்குக் குறையும். பகல் வார அளவுகளையும் முழு நைட் வார அளவுகளையும் தேதியும் மணியும் போட்டு ஒரு தாளில் எழுதி இணைத்தால், வேறு வாதமே தேவையில்லை. பகலில் இடமில்லை என்று சொன்னால் அரை நைட் ஒத்துக்கொள்ளலாமா என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கேட்டதும் கொடுத்தாக வேண்டிய உரிமையா இது? இந்தியாவில் இல்லை. உடல்நலத்தால் இரவு வேலைக்குத் தகுதியற்றவரை, இயன்றவரை அதுபோன்ற வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1990-ம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா அதை ஏற்கவில்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். உரிமை இல்லாத இடத்தில் எழுதும் முறைக்குத்தான் பலம் அதிகம்.

கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றில் டைம் ஆபீஸில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் சங்கத்திடம் போங்கள். ஷிப்ட் விவகாரத்தைத் தொழில் தகராறாகத் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோகத் தனி ஆளால் முடியாது, சங்கமோ சக தொழிலாளர்களோ சேர வேண்டும். பதில் வரும்வரை நைட்டுக்குச் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முடியாத நாளுக்கு மருத்துவச் சான்றோடு விடுப்பு எழுதிக் கொடுங்கள். மருத்துவர் அறையைவிட்டு வெளியே வருமுன், "பகல் வேலைக்குத் தகுதியானவர்" என்ற வரி சான்றிதழில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.