கூட்ட நேரத்தில் ஃப்ரிட்ஜ் ஏன் நிற்கிறது?

ஓட்டல் ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் ஞாயிறு மதியம் போலக் கூட்டம் அலைமோதும் வேளையில்தான் படுத்துக்கொள்ளும். அதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது கண்டன்சர் என்ற கம்பிச்சுருள். கதவு ஓயாமல் திறக்கப்பட்டு, எல்லா அடுப்பும் எரியும்போது அதன் வேலை பல மடங்காகிறது. வடைச் சட்டியிலிருந்து பறந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அதன்மேல் அப்பியிருந்தால் சூடு வெளியேற முடியாது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிச் சூடேறி, கடைசியில் தானே அணைந்துவிடும். வியாபாரம் மந்தமான நாளில் இதே அழுக்கு இருப்பதே தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காலையில் முதல் முறை கதவைத் திறந்ததும் தெர்மாமீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குள்ளும் ஃப்ரீசர் மைனஸ் 18-லும் இருக்க வேண்டும். வழக்கமாக 4 காட்டிய ஃப்ரிட்ஜ் 5, 6 என்று ஏறி, இரண்டு வாரத்தில் 7-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுக்க மூடிக் கிடந்தும் 7 என்றால், மதியக் கூட்டத்தை அது தாங்காது.

முதலில் கண்டன்சரைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஜாலியைக் கழற்றி, தகடுகளின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியை உறிஞ்சி எடுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று அடைபடும். பொரிக்கும் அடுப்பு பக்கத்தில் இருந்தால் மாதம் ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். அப்படியும் குளிர் திரும்பாவிட்டால், கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் மெக்கானிக் வேலை. அவர் கேஸ் நிரப்ப வேண்டும் என்றால், கசிவை அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.

ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் தடித்ததும் அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகிவிடும்.

அடுப்பில் தீயின் நிறம்தான் அடையாளம். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கருத்தால், பர்னருக்குப் போதிய காற்று இல்லை. வாரம் ஒருமுறை, ஆறிய பர்னரைக் கழற்றிக் கழுவி, துளைகளைத் துலக்கி, ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். ஜெட்டில் ஊசியைத் திணிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். துளை பெரிதானால் கேஸ் கூடுதலாக வந்து, தீ இன்னும் மஞ்சளாகும். மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழ் வந்தால் வால்வை மூடிவிட்டு, கசிவைச் சரிசெய்யும்வரை பற்றவைக்காதீர்கள்.

எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் சோர்ந்தால் பர்னரைக் குறை சொல்ல வேண்டாம். சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். வெளியே பனி பூத்திருந்தால், ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுப்பதால் அது குளிர்ந்து அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஏஜென்சி ஆளை வைத்து இரண்டு சிலிண்டர்களை இணைத்துவிட்டால் கூட்ட நேரத்திலும் தீ தளராது.