மிக்ஸி லோகோவில் கட்டைவிரல் ரேகை

பளபளக்கும் கருப்பு பிளாஸ்டிக் உடம்பு, அதில் புடைத்து நிற்கும் வெள்ளி நிற எழுத்துகள். இன்று கடைகளில் கிடைக்கும் மிக்ஸிகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. அப்படி ஒன்றை ஆன்லைன் விற்பனைக்காகப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது புத்தம் புதுசு. படத்தை கம்ப்யூட்டரில் திறந்து நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கும்போதுதான் வண்டவாளம் வெளிவரும். லோகோவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தூசி. கடைசி எழுத்தை ஒட்டி, பெட்டியிலிருந்து எடுத்தவரின் கட்டைவிரல் ரேகை. நடு எழுத்தின் மேல் விளக்கு வெளிச்சம் விழுந்து வெளுத்த ஒரு திட்டு.

சொரசொரப்பான பரப்பு தன் மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதில் ஒரு தூசி கூடுதலாகக் கொஞ்சம் ஒளியைச் சிதறினாலும் தெரியாது. பளபளப்பான கருப்புப் பரப்போ ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பிவிடும். அந்தத் திசையில் கேமரா இல்லாவிட்டால் பரப்பு அட்டக் கருப்பாகப் பதிவாகும். தூசியும் விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் ஒளியைக் கேமரா பக்கமும் சிதறுவதால், கருப்பில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகின்றன. அதனால்தான் அனுபவப்பட்ட போட்டோகிராபர்கள் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ரப்பர் புளோவரால் ஊதி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்த பிறகே மிக்ஸியை மேசையில் வைக்கிறார்கள். அப்படியும் நாலு தூசி வந்து உட்காரத்தான் செய்யும். துணியால் தேய்த்த பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, அதுவே தூசியை இழுக்கிறது.

போட்டோஷாப்பில் முதல் வேலை, அசல் படத்தைத் தொடாமல் அதன் மேல் ஒரு வெற்று லேயர் போடுவது. ஹீலிங் பிரஷ்ஷில் Sample All Layers என்பதைத் தேர்ந்துகொண்டால், செய்யும் திருத்தமெல்லாம் அந்த வெற்று லேயரில் மட்டும் விழும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

கண்ணுக்குத் தப்பும் தூசியைப் பிடிக்க ரீடச்சர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை அலை மாதிரி மேலும் கீழுமாக வளைத்துவிடுவார்கள். படம் பார்க்கவே பயங்கரமாக மாறிவிடும். ஆனால் கருப்புக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் அத்தனையும் எழும்பி நிற்கும். அந்தக் கோலத்திலேயே சுத்தம் செய்து முடித்துவிட்டு, கடைசியில் அந்த லேயரைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

தனியாகக் கிடக்கும் தூசிக்கு ஸ்பாட் ஹீலிங் பிரஷ் போதும். பிரஷ்ஷைப் புள்ளியைவிடச் சற்றே பெரிதாக வைத்து ஒரு கிளிக். இழுத்துத் தேய்க்கக் கூடாது. சிக்கல் எழுத்தின் ஓரத்தில்தான். இந்த பிரஷ் சுற்றியுள்ள நிறங்களைக் கலந்து நிரப்புவதால், எழுத்தின் வெள்ளி கருப்புக்குள் கசிந்து ஓரம் மசமசவென்று ஆகிவிடும். சுத்தம் செய்யப்பட்ட லோகோ என்று ஒரு படம் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதற்கு மாற்று, பென் டூலால் எழுத்துகளின் ஓரம் பிடித்துப் பாதை வரைந்து, அதைச் செலக்‌ஷனாக்கி, வேலி கட்டிக்கொண்டு உள்ளே வேலை செய்வது. ஓரத்தை ஒட்டி மிச்சமிருக்கும் தூசிக்கு குளோன் ஸ்டாம்ப்பை Darken நிலையில் வைத்துப் பயன்படுத்தலாம். தன்னைவிட வெளிர்ந்த இடத்தை மட்டுமே அது மாற்றும். கருப்பில் வெளிர்ந்திருப்பது தூசிதான்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான புள்ளி தெரிந்தால் அது மிக்ஸி மேல் இல்லை, கேமராவின் சென்சார் மேல் இருக்கிறது. f/16 போன்ற சிறிய அப்பர்ச்சரில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

விரல் ரேகையிடம் ஸ்பாட் ஹீலிங் பிரஷ் தோற்றுப்போகும். ஒரு வரியை அழிக்க அது பக்கத்து வரியிலிருந்தே மாதிரி எடுக்கிறது; ரேகை இடம் மாறுமே தவிரப் போகாது. பளபளப்பான பிளாஸ்டிக்கில் காப்பாற்ற வேண்டிய இழை எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் மேலிருந்து கீழாக மெல்ல மாறும் ஒரு நிறச் சாய்வு மட்டுமே. எனவே அழிப்பதைவிட அந்த இடத்தைப் புதிதாகப் பூசிவிடுவது சுலபம். எழுத்துகளை விட்டுவிட்டு, ரேகை படிந்த பகுதியை லாசோவால் வளைத்து, ஓரத்தை இருபது பிக்சல் அளவுக்கு மிருதுவாக்க வேண்டும். ரேகைக்கு மேலே இருக்கும் சுத்தமான நிறத்தையும் கீழே இருக்கும் நிறத்தையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவே கிரேடியன்ட் இழுத்தால் ரேகை மறைந்துவிடும்.

ஆனால் இப்போது அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறி வழவழவென்று இருக்கும். கேமரா எடுத்த படத்தில் எங்கும் மெல்லிய மணல் போன்ற நாய்ஸ் உண்டு. புதிய பூச்சில் அது இல்லை. கண்டுபிடிப்பது சிரமமில்லை. இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பூசிய இடத்தையும் பக்கத்து இடத்தையும் மாறி மாறிப் பார்த்தால் போதும். பூசிய லேயரில் ஒற்றை நிற நாய்ஸை ஒரு சதவீதத்திலிருந்து தொடங்கி, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கூட்ட வேண்டும். நாய்ஸ் சேர்க்காவிட்டால் கிரேடியன்ட்டில் பட்டை பட்டையாகக் கோடு விழும் ஆபத்தும் இருக்கிறது. கருப்பில் அது சீக்கிரம் தெரியும் என்பதால் கோப்பை 16 பிட்டில் வைத்து வேலை செய்வது நல்லது.

வெளிச்சத் திட்டு வேறு ஜாதி. தூசிக்கும் ரேகைக்கும் அடியில் என்ன இருந்தது என்பதை அக்கம்பக்கத்தை வைத்து ஊகிக்கலாம். திட்டுக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்று காட்டினால், அங்கே கேமரா எதையும் பதிவு செய்யவில்லை என்று அர்த்தம். ரா கோப்பு இருந்தால் ஹைலைட்டைக் குறைத்துக் கொஞ்சம் மீட்டுப் பார்க்கலாம். ஜேபெக் என்றால் ஹைலைட்டைக் குறைத்தால் வெள்ளை சாம்பலாகும்; எழுத்து திரும்பி வராது.

இதற்குச் சரியான வைத்தியம் படப்பிடிப்பு மேசையிலேயே இருக்கிறது. கேமராவை டிரைபாடில் அசையாமல் வைத்து ஒரு படம். விளக்கை ஒரு சாண் நகர்த்தி இன்னொரு படம். திட்டு இப்போது வேறொரு எழுத்துக்குப் போயிருக்கும். இரண்டையும் லேயராக அடுக்கி, Auto-Align Layers கொடுத்துப் பொருத்தி, மாஸ்க் போட்டு, வெளுத்த எழுத்துக்குப் பதில் இரண்டாம் படத்தின் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தை முழுசாக மாற்ற வேண்டும். பாதியை மட்டும் ஒட்டினால், புடைத்த பக்கத்தில் பாதி நிழல் இடப்புறமும் மீதி வலப்புறமும் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். போலரைசர் பில்டர் பிளாஸ்டிக்கின் கூசலைச் சாய்ந்த கோணத்தில் நன்றாகக் குறைக்கும். மேற்பூச்சு இல்லாத குரோமில் பெரிய பலன் தராது.

இரண்டாம் படம் எடுக்க வாய்ப்பில்லை, எழுத்தும் அடியோடு வெளுத்துவிட்டது என்றால் ஊகித்து வரைவது வேண்டாம். நிறுவனத்திடமே லோகோவின் வெக்டார் கோப்பைக் கேட்டு வாங்கி, கோணத்துக்கு ஏற்பச் சாய்த்து அடியில் பொருத்துவதே முறை. எழுத்தின் வளைவு கொஞ்சம் பிசகினாலும் அது வேறு லோகோ.

எல்லாத் திட்டையும் துடைத்துவிடும் ஆர்வமும் ஆபத்துதான். எழுத்தின் மேல் ஓரத்தில் ஓடும் மெல்லிய ஒளிக் கோடுதான் அது புடைத்திருக்கிறது, பளபளக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்கிறது. அதையும் எடுத்துவிட்டால் மிக்ஸியில் சாம்பல் நிற ஸ்டிக்கர் ஒட்டியது போலாகிவிடும்.

பழைய பொருளை விற்கப் படம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தூசியையும் கைரேகையையும் தாராளமாக அழியுங்கள், துணியால் துடைத்தால் போகிறவைதானே அவை. லோகோவில் விழுந்த கீறலையும் உரிந்த குரோமையும் மட்டும் படத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். வாங்குகிறவர் காசு கொடுப்பது அந்த மிக்ஸிக்கு.