‘அனுசரித்துப் போவோம்’ என்று எழுதாதீர்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மெர்ச்சண்டைசருக்கும் புரொடக்‌ஷன் சூப்பர்வைசருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வெளிநாட்டு பையர் சொல்லும் மாற்றங்களை அவர் கட்டிங் முடிந்த பிறகு வந்து சொல்கிறார். இவரோ தையல் லைனில் இருப்பவர்கள் முன்னாலேயே அவரைக் கத்துகிறார். ஹெச்.ஆர். அதிகாரி சமரசம் பேசினார். இருவரும் மனம் இறங்கினார்கள். இனி அதை எழுதி வைக்க வேண்டும்.

முதலில் எழுதிய வரி: “ஒருவரையொருவர் மதித்து, அனுசரித்துப் போவோம்.” கேட்க நன்றாக இருக்கிறது, பயன் இல்லை. மறுவாரமே ஒருவர் “நான் மதித்தேன்” என்பார், மற்றவர் “இல்லை” என்பார். பக்கத்தில் நின்ற மூன்றாவது ஆள் நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடிகிற வரிதான் ஒப்பந்தத்தில் இருக்கலாம். அப்படித் திருத்தியதும் தாள் இப்படி ஆனது:

“பையரிடமிருந்து வரும் மாற்றத்தை, வந்த ஒரு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புவேன். வாய்வழியாக மட்டும் சொல்ல மாட்டேன்” – இது மெர்ச்சண்டைசருடையது. “இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், முடியாது என்று பதில் போடுவேன். குறை இருந்தால் லைனில் பேசாமல் சாம்பிள் ரூமுக்கு அழைத்துப் பேசுவேன்” – இது சூப்பர்வைசருடையது. இரண்டையும் அவரவர் வாயால் சொல்லவைத்தே எழுத வேண்டும். அதிகாரி எழுதிக்கொடுத்த வாசகத்தில் கையெழுத்து போட்டவர்கள் அதை அதிகாரியின் உத்தரவாகத்தான் பார்ப்பார்கள்.

பழைய சண்டையில் யார் தப்பு என்பதற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. ஒருவர் தவறினால் மற்றவர் முதலில் அவரிடமே கேட்பது, அதன் பிறகே மேலாளரிடம் போவது என்று ஒரு வரி இருக்கட்டும். மேலாளர் இந்தத் தாளைப் பார்க்கலாமா என்பதையும் இருவருமே முடிவுசெய்ய வேண்டும்.

கடைசி வரி, மறுஆய்வுத் தேதி. “தேவைப்பட்டால் பேசுவோம்” என்று விட்டால் அந்த நாள் வரவே வராது. 30 நாள் கழித்து ஒரு தேதி, நேரம், உட்காரும் அறை எல்லாம் எழுதிவிட வேண்டும். அன்று விசாரணை கிடையாது. ஒவ்வொரு வரியையும் படித்து, நடந்ததா, நடக்கவில்லையா, மாற்ற வேண்டுமா என்று மட்டும் கேட்பார்கள். நம் சூப்பர்வைசரால் இரண்டு மணி நேரப் பதில் முடியவில்லை. லைனில் நிற்கும்போது அவர் போனையே எடுப்பதில்லை. அது வீம்பில்லை, வேலை அப்படி. பகல் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பதில் என்று திருத்தி, அடுத்த தேதி குறித்தார்கள்.

பாலியல் தொந்தரவுப் புகாரை மட்டும் இந்தத் தாளுக்குள் கொண்டுவராதீர்கள். அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறது. அங்கேயும் புகார் கொடுத்த பெண் தானே கேட்டால்தான் சமரசம் பேசலாம், அதுவும் பணத்தை அடிப்படையாக வைத்துப் பேசக் கூடாது.