அடைமழையிலும் துணியில் வாடை வராமல் இருக்க... ஜன்னலை மூடாதீங்க!

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், சென்னை அடுக்குமாடி வீடுகளில் ஹாலே துணிக்கொடி ஆகிவிடும். நாற்காலி முதுகில் துண்டு, கதவு மேல் சேலை, ஜன்னல் கம்பியில் யூனிஃபார்ம். இரண்டு நாள் கழித்துத் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, லேசாக வியர்த்ததும் அந்த ஊத்தை வாடை கிளம்பிவிடும்.

பழி மழை மீது விழுந்தாலும், துணி ரொம்ப நேரம் ஈரமாகவே கிடப்பதுதான் காரணம். துவைத்த பிறகும் இழைகளில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் கிருமிகளும் தங்கும். ஈரம் நீடித்தால் அவை பெருகி வாடையைக் கிளப்பும். துணி காய்ந்தாலும் இந்தக் கிருமிகள் முழுதாகச் சாவதில்லை. மறுபடி நனைந்ததும் விழித்துக்கொள்ளும். வாசனை லிக்விட் எவ்வளவு ஊற்றினாலும் வாடை திரும்பி வருவது இதனால்தான்.

பலரும் செய்யும் தவறு, மழை ஈரம் உள்ளே வந்துவிடும் என்று ஜன்னலை அடைத்துவிட்டு ஃபேனைப் போடுவது. ஒரு கணக்குப் பார்க்கலாம். நாலு கிலோ துணியை மெஷினில் ஸ்பின் செய்து எடுத்த பிறகும், அதில் சுமார் 2 லிட்டர் தண்ணீர் இருக்கும். பத்துக்குப் பத்து அறையின் காற்று, மழை நாளில் ஏற்கெனவே ஈரமாக இருக்கும். அது கூடுதலாக ஏற்றுக்கொள்வது ஒரு டம்ளர் தண்ணீர் அளவுதான். மிச்சம் எங்கே போகும்? துணியிலேயே நிற்கும், இல்லையென்றால் சுவரில் ஏறும். பீரோ பின்னால் கரும்புள்ளி பூஞ்சை வருவது இப்படித்தான்.

அதனால் முதல் வேலை, கொடியில் போடும் முன்பே தண்ணீரைக் குறைப்பது. மெஷினில் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட விடுங்கள். கையால் துவைப்பவர்கள், பிழிந்த சட்டையைத் தடிமனான காய்ந்த துண்டுக்குள் வைத்துப் பாய் போலச் சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அழுத்தலாம். துண்டு நனைந்து கனப்பதைப் பார்த்தாலே எவ்வளவு தண்ணீர் வந்தது என்று தெரியும். துவைத்ததை மெஷினுக்குள்ளேயே ராத்திரி முழுக்க விடுவது மட்டும் கூடாது.

அடுத்தது காற்றின் வழி. கொடியின் ஒரு முனையில் டேபிள் ஃபேனை வைத்து, துணிகளுக்கு நடுவே புகுந்து எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகக் காற்று வெளியேறும்படி திருப்புங்கள். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தால் போதும். திறக்கவே முடியாத மழை என்றால், பாத்ரூம் கதவைத் திறந்து அங்குள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடலாம். ஏ.சி. இருக்கும் அறையில் கதை வேறு. அங்கே ஜன்னலை மூடி, ட்ரை மோடில் போட்டால், ஈரம் குழாய் வழியே வெளியே சொட்டிவிடும்.

துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி வேண்டும். சட்டையை பட்டனைத் திறந்து ஹேங்கரில் மாட்டுங்கள். பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பாக்கெட்டை வெளியே இழுத்து, இடுப்புப் பகுதி வாய் திறந்து நிற்கும்படி கிளிப் போடுங்கள். பெட்ஷீட்டுக்கு அவசரம் இல்லை, மழை விடும் நாளுக்காகக் காத்திருக்கட்டும்.

துண்டு அப்பளம் மாதிரி விறைப்பது தனிப் பிரச்னை. போர் தண்ணீரின் உப்பும், அலசாமல் தங்கிய சோப்புத் தூளும் காற்றாடாமல் காயும் இழைகளை ஒட்ட வைத்துவிடுகின்றன. மழைக்காலத்தில் தூளைக் கூட்டிப் போடத்தான் கை போகும். குறைத்துப் போட்டு, கூட ஒரு தடவை அலச வேண்டும். கொடியில் போடும் முன்பும், பாதி காய்ந்த பிறகும் பலமாக உதறினால் இழை பிரிந்து மெத்தென்று ஆகும்.

ஏற்கெனவே வாடை பிடித்த பருத்தித் துணியா? லேபிள் அனுமதித்தால், நன்றாகச் சூடான தண்ணீரில், ஆக்ஸிஜன் ப்ளீச் கலந்து ஒரு மணி நேரம் ஊற வைத்துத் துவைக்கலாம். கரும்புள்ளி விழுந்துவிட்டால் கஷ்டம்தான். வெள்ளைப் பருத்தியில் சாதாரண ப்ளீச் கைகொடுக்கும், ஆனால் அதோடு வினிகரைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். கலர் துணியில் பல சமயம் புள்ளி போகாது.

காலையில் யூனிஃபார்ம் வேண்டும், ராத்திரி எட்டு மணிக்குத்தான் துவைத்தீர்கள் என்றால், துண்டில் சுருட்டி அழுத்தி, ஹேங்கரோடு ஃபேன் முன்னால் தொங்க விடுங்கள். காலையில் காலர், பாக்கெட், பட்டன் பட்டியில் மட்டும்தான் ஈரம் இருக்கும். அதை இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். கேஸ் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது தீ விபத்தில் முடியலாம்.

மடித்து வைக்கும் முன், காலரையும் இடுப்புப் பட்டியையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஒரு சட்டை பீரோவுக்குள் போனால், பக்கத்தில் இருக்கும் பட்டுப்புடவைக்கும் வாடை ஏறிவிடும்.