காந்தத்தில் எழுதியிருக்கும் எட்டு

ஒரு வூஃபரைத் திருப்பிப் பார்த்தால் காந்தத்தின் மேல் ‘8 ஓம்’ என்று அச்சிட்டிருக்கும். வீட்டிலேயே ஸ்பீக்கர் பாக்ஸ் செய்கிற பலரும் அந்த எட்டை நம்பித்தான் கிராஸ்ஓவர் கட்டுகிறார்கள். சூத்திரத்தில் பிழை இல்லை, பெருக்கி வகுத்ததும் சரி. ஆனால் பாட்டுப் போட்டால் குரலில் ஒரு கீச்சுத்தனம். அரை மணி நேரத்தில் காது சலித்துவிடுகிறது. பழி பெரும்பாலும் ட்வீட்டரின் மேல் விழும். கோளாறோ அந்த எட்டில் இருக்கிறது.

கிராஸ்ஓவரின் வேலை பங்கு பிரிப்பது. கனத்த ஒலிகளை வூஃபருக்கும் மெல்லிய ஒலிகளை ட்வீட்டருக்கும் அனுப்ப வேண்டும். காயில் அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டத்தை மறிக்கும். கெப்பாசிட்டர் அதற்கு நேர் எதிர், அதிர்வெண் ஏற ஏற வழிவிடும். வூஃபருக்குப் போகும் வழியில் ஒரு காயிலைத் தொடராகப் போட்டு, அதைத் தாண்டி வருவதை வடித்துவிட வூஃபருக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டரைப் போட்டால் அது இரண்டாம் படி வடிகட்டி. ட்வீட்டருக்கு இரண்டும் இடம் மாறும்: கெப்பாசிட்டர் தொடராக, காயில் இணையாக. எல்லையைத் தாண்டியபின் அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 12 டெசிபல் சரியும்.

பாகங்களின் அளவுக்குப் பல வாய்ப்பாடுகள் உண்டு. அதிகம் பயன்படுவது சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரு பொறியாளர்களின் பெயரைத் தாங்கிய முறை. எல்லை அதிர்வெண்ணில் இரண்டு ஸ்பீக்கருக்கும் மின்னழுத்தம் சரிபாதியாக, அதாவது 6 டெசிபல் குறைவாகப் போகும். இரண்டு பாதிகளும் காற்றில் சேர்ந்து முழுசாகும்.

```
L = 0.318 × R / f
C = 0.0796 / (R × f)
```

இதில் L ஹென்றியிலும் C ஃபாரடிலும் வரும். R ஸ்பீக்கரின் ஓம், f எல்லை அதிர்வெண்.

ஆறரை அங்குல வூஃபரும் ஓர் அங்குல ட்வீட்டரும் வைத்துக்கொள்வோம். எல்லை 2500 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் போனால் ஒலியின் அலைநீளம் வூஃபர் கூம்பின் அகலத்தைவிடச் சிறுத்து, ஒலி டார்ச் வெளிச்சம்போல நேர் முன்னால் மட்டும் குவியத் தொடங்கும். கீழே இறக்கினால் ட்வீட்டர் திணறும். அதன் இயல்பான ஒத்ததிர்வு 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருந்தால் எல்லை அதைப்போல இரண்டு மடங்குக்காவது மேலே இருப்பது நல்லது. எட்டு ஓம் என்று போட்டால் காயில் 1 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 4 மைக்ரோஃபாரட். முழு எண்ணாக வருவதால் சந்தேகமும் வராது.

இப்போது அந்த வூஃபரின் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். எட்டு ஓம் வூஃபர் பெரும்பாலும் 6 ஓம் அருகே காட்டும். இது வெறும் கம்பியின் தடை. அதிர்வெண் ஏறும்போது, தானும் ஒரு காயிலாகிய வாய்ஸ் காயில் மறுப்பைக் கூட்டிக்கொண்டே போகும். 2500 ஹெர்ட்ஸில் அது எவ்வளவு என்று அறிய, வூஃபரோடு ஒரு 10 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகக் கட்டி, ஆம்ப்ளிஃபயரைக் குறைவாக வைத்து, கைபேசிச் செயலியிலிருந்து அந்த அதிர்வெண்ணை ஓட்டினால் போதும். வூஃபரின் மேல் விழும் ஏசி வோல்டேஜை ரெசிஸ்டரின் மேல் விழுவதால் வகுத்துப் பத்தால் பெருக்க வேண்டும். விலை குறைந்த மீட்டர் இந்த அதிர்வெண்ணில் குறைத்துக் காட்டலாம். இரண்டு அளவிலும் ஒரே விகிதத்தில் குறைவதால் வகுக்கும்போது பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

விடை 9.9 ஓம் என்று வைப்போம். 6 ஓம் தடையோடு 0.5 மில்லிஹென்றி காயில் சேர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். ஆக 6 உண்டு, 9.9 உண்டு, நாம் நம்பிய 8 எங்கும் நிலைத்து நிற்கவில்லை. அது வகைப்பெயர் மட்டுமே.

இந்த வூஃபரில் 1 மில்லிஹென்றியும் 4 மைக்ரோஃபாரடும் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். 2500 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் குறைய வேண்டியது 4 மட்டுமே குறைகிறது. அதோடு போகவில்லை. 4000 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் குறைந்திருக்க வேண்டிய மின்னழுத்தம், குறைவதற்குப் பதிலாக 2 டெசிபல் எழும்பி நிற்கிறது. வாய்ஸ் காயிலின் தூண்டல், கெப்பாசிட்டர் வடிக்க வேண்டியதை வடிக்க விடாமல், அதனோடு சேர்ந்து ஊஞ்சலாடுகிறது. அந்தக் கீச்சுத்தனம் ட்வீட்டரிலிருந்து வரவில்லை, வூஃபரிலிருந்து வருகிறது.

இதற்கு மருந்து ஸோபெல் இணைப்பு. ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெப்பாசிட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, அந்த ஜோடியை வூஃபரின் முனைகளுக்குக் குறுக்கே போட வேண்டும். ரெசிஸ்டர் வூஃபரின் தடை அளவே, 6 ஓம். கெப்பாசிட்டருக்கு, தூண்டலைத் தடையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்: 0.0005-ஐ 36-ஆல் வகுத்தால் சுமார் 14 மைக்ரோஃபாரட். 10-ஐயும் 3.9-ஐயும் இணையாகக் கட்டினால் கிடைத்துவிடும். வாய்ஸ் காயில் ஏற்றும் மறுப்பை இந்த ஜோடி இறக்கிவிடும். கட்டியபின் 1000, 2500, 5000 ஹெர்ட்ஸில் மறுபடி அளந்தால் மூன்றும் 6 ஓம் பக்கத்தில் நிற்க வேண்டும். நிஜ வாய்ஸ் காயிலின் தூண்டல் காந்தத்தின் இரும்பால் அதிர்வெண்ணுக்கேற்பச் சற்று மாறும். ஆகவே மேலே போகப்போக ஏறினால் கெப்பாசிட்டரைக் கூட்டுங்கள், இறங்கினால் குறையுங்கள்.

இனிச் சூத்திரத்தில் போட வேண்டிய R எட்டு அல்ல, ஆறு. காயில் 0.76 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 5.3 மைக்ரோஃபாரட், 4.7-உம் 0.68-உம் இணைந்தால் அதை ஒட்டி வரும். முனைக்குறி உள்ள சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் இங்கே ஆகாது. பாலிப்ராப்பிலீன் வகையோ முனைக்குறி இல்லாத வகையோ வேண்டும்.

ட்வீட்டர் வழக்கமாக வூஃபரைவிட உரக்கப் பேசும். வித்தியாசம் 4 டெசிபல், அதன் மறுப்பும் 6 ஓம் என்றால், வடிகட்டிக்கும் ட்வீட்டருக்கும் இடையே 2.2 ஓம் தொடராகவும், ட்வீட்டருக்கு இணையாக 10 ஓமும் போட வேண்டும். ஒலி தணியும்; வடிகட்டி பார்க்கும் சுமை ஏறத்தாழ அதே 6 ஓமாக இருக்கும். தொடராக ஒரே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுத் தணித்தால் சுமை மாறி, எல்லை அதிர்வெண்ணும் நகர்ந்துவிடும்.

கடைசியாக, ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டும். எல்லை அதிர்வெண்ணில் வூஃபர் வழி கால் சுற்று பின்தங்கும், ட்வீட்டர் வழி கால் சுற்று முந்தும். நேராகக் கட்டினால் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும்.

இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். பாக்ஸுக்கு நேர் முன்னால் ஒரு மீட்டரில், ட்வீட்டர் உயரத்தில் மைக்கை வைத்து, வேண்டுமென்றே நேராகக் கட்டி 2500 ஹெர்ட்ஸை ஓட்டுங்கள். ஒலி பள்ளத்தில் விழுந்ததுபோல அமுங்கினால் கணக்கு பலித்தது, கம்பியை மாற்றிவிடலாம். பள்ளம் ஆழமில்லை என்றாலோ, வேறு அதிர்வெண்ணில் விழுந்தாலோ, இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஸ்பீக்கர்களின் சொந்த ஒலிச்சரிவு வடிகட்டியோடு சேர்ந்திருக்கலாம். அல்லது வூஃபரின் ஒலி கூம்பின் ஆழத்திலிருந்து புறப்படுவதால் பிந்தியிருக்கலாம். 2500 ஹெர்ட்ஸின் அலைநீளம் 14 சென்டிமீட்டருக்கும் குறைவு, அதில் இரண்டு சென்டிமீட்டர் பின்னடைவு சிறிதல்ல. இவை எந்தச் சூத்திரத்திலும் இல்லை. பாகங்களின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. வூஃபரையும் ஸோபெலையும் கழற்றிவிட்டு வடிகட்டியை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் விட்டுவிடாதீர்கள். சுமை இல்லாத காயிலும் கெப்பாசிட்டரும் 2500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று ரத்துசெய்துகொண்டு கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும். அப்போது ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் ஓம் ஆறும் அல்ல, எட்டும் அல்ல. காயில் கம்பியின் தடை மட்டுமே.